"சீக்கிரம் பாரும்மா"

செவ்வாய், காலை

குழு சாட்டில் சீனியர் போட்டது: "டெய்லி ரிப்போர்ட்ல டேட் தப்பா வருது, சீக்கிரம் பாரும்மா." இன்டர்ன் பெண் உடனே "ஓகே சார்" என்று பதில் போட்டுவிட்டாள். அந்த ஓகேதான் எனக்குக் கவலை. எங்களிடம் தினசரி ரிப்போர்ட் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடித்தால் போதுமா, திருத்தவும் வேண்டுமா? சீக்கிரம் என்றால் மதியத்துக்குள்ளா, வெள்ளிக்குள்ளா? பல வருடமாக அந்த கோடோடு இருக்கிற சீனியருக்கு இதெல்லாம் சொல்லாமலே விளங்கும். அவள் இந்த மாதம்தான் சேர்ந்தவள்.

சீனியரிடம் போய், எந்த ரிப்போர்ட், தப்பாக வந்த ஒரு ஆர்டரைக் காட்டுங்கள் என்றேன். காட்டினார். அவர் சம்மதத்தோடு அவளுக்கு இப்படி எழுதி அனுப்பினேன்:

"விற்பனை ரிப்போர்ட்டில் ஒரு பிழை. மார்ச் 5 அதிகாலை 1:10க்கு வந்த ஆர்டர், மார்ச் 4 கணக்கில் விழுகிறது. 5ஆம் தேதியில் வர வேண்டும். இன்று மாலை 5 மணிக்குள் காரணத்தைக் கண்டுபிடித்து நாலு வரி எழுதினால் போதும், திருத்துவது நாளை. டெஸ்ட் டேட்டாபேஸில் மட்டும் பாருங்கள், லைவைத் தொட வேண்டாம். ஒரு மணி நேரம் ஒன்றும் பிடிபடவில்லை என்றால், செய்து பார்த்ததை இங்கேயே எழுதுங்கள். முதலில் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்."

காரணம் இன்னதாக இருக்கும் என்று எனக்கு ஊகம் உண்டு. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. தேடுவது அவள் வேலை. எதைத் தேடுவது, எங்கே நிற்பது என்பதில்தான் குழப்பம் இருக்கக் கூடாது. அந்த ஒரு ஆர்டரின் உதாரணம் இல்லாவிட்டால், நாளை திருத்திய பிறகு சரியாகிவிட்டதா என்று அவளால் தானாகச் சொல்ல முடியாது.

மாலை

எழுதிவிட்டாள். அந்த ஆர்டர் டேட்டாபேஸில் மார்ச் 4, 19:40 என்று இருக்கிறது. அங்கே நேரம் யூடிசியில் பதிவாகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ரிப்போர்ட் `DATE(created_at)` என்று அப்படியே தேதியை எடுப்பதால், நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரை வரும் ஆர்டர் எல்லாம் முந்தைய நாளுக்குப் போய்விடுகிறது. கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள்: ஏற்கெனவே மெயிலில் போன பழைய ரிப்போர்ட்டுகளை மாற்ற வேண்டுமா? எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. பழையதை விட்டுவிடலாம் என்று சீனியர் முடிவு சொன்னார். அதையும் நாளைய வேலைக்கான செய்தியில் சேர்த்துவிட்டேன்.

புதன்

திருத்தம் டெஸ்டில் ஓடியது. அந்த ஆர்டர் 5ஆம் தேதிக்கு வந்துவிட்டது. உடனே சீனியரின் அடுத்த செய்தி: "அதே மாதிரி ரிட்டர்ன் ரிப்போர்ட்டும் பண்ணிடுங்க." அதே மாதிரி இல்லை. ரிட்டர்னில் இரண்டு தேதி இருக்கிறது: ஆர்டர் போட்ட நாள், பொருள் திரும்பி வந்த நாள். எந்த நாளில் கணக்கு வைப்பது? சீனியரிடம் கேட்டேன். அக்கவுண்ட்ஸில் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். பதில் வரும்வரை இந்த வேலையை அவளுக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.