வாட்ச் சொன்னது 53, விரல் எண்ணியது 62

1/ ஓபியில இப்போ அடிக்கடி வர்ற கேள்வி இது. "சார், வாட்ச் ஒரு நம்பர் காட்டுது. காலைல முழிச்சதும் நானே நாடி பிடிச்சு எண்ணினா வேற நம்பர் வருது. எதை நம்புறது?" இதுக்குப் பதில் தெரியாம ஒருத்தர் மாத்திரையையே நிறுத்திட்டு வந்தார். அவரை வச்சே சொல்றேன். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

2/ வயசு 54. பஸ் கண்டக்டர். பிரஷரும் படபடப்பும் இருந்ததால மூணு வருஷமா மெட்டோப்ரோலால் 50 மில்லிகிராம் சாப்பிடுறார். பிரஷரோட சேர்த்து இதயத்துடிப்பையும் குறைக்கிற மாத்திரை அது. மகன் தீபாவளிக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்திருக்கார். அதுல தினமும் ஓய்வு நேர இதயத்துடிப்பு 52, 53ன்னு வந்திருக்கு.

3/ "60க்குக் கீழ போனா ஆபத்து"ன்னு யாரோ சொல்லியிருக்காங்க. மாத்திரைதான் இப்படிக் குறைக்குதுன்னு அவரே முடிவு பண்ணி நிறுத்திட்டார். நாலாவது நாள் நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு எங்ககிட்ட வந்தார். நாடி 108, பிரஷர் 170/100. ஈசிஜியில வேகமான துடிப்பைத் தவிர வேற எதுவும் இல்லை. நல்ல நேரம்.

4/ இந்த வகை மாத்திரையை ரொம்ப நாள் சாப்பிடும்போது, அட்ரினலினை வாங்கிக்கிற வாசல்களை இதயம் கூடுதலா திறந்து வச்சிருக்கும். மாத்திரை அந்த வாசல்களை மறிச்சிட்டு நிற்கும். திடீர்னு மாத்திரையை எடுத்துட்டா, முன்ன இருந்ததை விட அதிகமான வாசல் வழியா அட்ரினலின் உள்ள போகும். இதய ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கிறவங்களுக்கு இதனால மாரடைப்பே வரலாம்.

5/ முதல்ல "வாட்ச் தப்பா காட்டுதுண்ணே, அதைக் கழட்டி வைங்க"ன்னு சொல்லத்தான் நானும் வாயெடுத்தேன். ஆனா அது உண்மையான்னு எனக்கே தெரியாது. அதனால மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சு, நாடி அடங்கினதும் ஒரு வார வேலை கொடுத்தேன். தினமும் முழிச்சதும் எண்ணணும், எண்ணின மணியையும் குறிக்கணும். அன்னைக்கு வாட்ச் காட்டுற நம்பரை ராத்திரி படுக்கப்போகும்போது பக்கத்துல எழுதணும்.

6/ எண்ணுற முறை: அலாரம் அடிச்ச உடனே எண்ணக் கூடாது, திடுக்குன்னு முழிச்சா துடிப்பு கொஞ்ச நேரம் ஏறி இருக்கும். ரெண்டு நிமிஷம் அப்படியே படுத்திருக்கணும். கட்டைவிரல் பக்கமா, மணிக்கட்டு மடிப்புக்குக் கொஞ்சம் கீழ, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூணையும் வைக்கணும். கட்டைவிரலால பிடிச்சா அதோட சொந்தத் துடிப்பையே எண்ணிடுவோம். முழுசா 60 வினாடி எண்ணணும்.

7/ ஒண்ணுக்கு அவசரமா வந்தா அடக்கிக்கிட்டு எண்ண வேண்டாம், அதுவும் துடிப்பைக் கூட்டும். போயிட்டு வந்து அஞ்சு நிமிஷம் படுத்துட்டு எண்ணலாம். உட்கார்ந்துக்கிட்டு எண்ணக் கூடாது. படுத்திருக்கிறதை விட உட்கார்ந்தாலே சில துடிப்பு கூடும்.

8/ ஏழு நாள் கழிச்சு டிக்கெட் அட்டை பின்னாடி எழுதிக் கொண்டு வந்தார். முதல் நம்பர் விரல், ரெண்டாவது வாட்ச்.
நாள் 1: 62, 53
நாள் 2: 60, 52
நாள் 3: 63, 54
நாள் 4: 61, 52
நாள் 5: 66, 57
நாள் 6: 60, 52
நாள் 7: 62, 51
சராசரி விரலுக்கு 62, வாட்சுக்கு 53. வித்தியாசம் 9.

9/ இதுல ரெண்டு விஷயம் பாருங்க. எல்லா நாளும் வாட்ச்தான் கம்மி, ஒரு நாள் கூட மாறலை. அஞ்சாவது நாள் ரெண்டுமே சேர்ந்து ஏறியிருக்கு. கேட்டா, முந்தின நாள் ராத்திரி வண்டி லேட்டு, ஒரு மணிக்குத்தான் படுத்தாராம். கருவி கோளாறா இருந்தா பெரும்பாலும் நம்பர் ஒரு நாள் மேல, ஒரு நாள் கீழன்னு சிதறும். இப்படிக் கிட்டத்தட்ட ஒரே இடைவெளில கூடவே நடந்து வர்றது அபூர்வம்.

10/ அடுத்து அவர் போன்ல அந்த வாட்சோட ஆப்பைத் திறந்தோம். ஒரு நாளைக்கு ஒரு நம்பர் காட்டுற பக்கம் வேண்டாம், நாள் முழுக்க துடிப்பு எப்படி ஏறி இறங்குச்சுன்னு காட்டுற கோட்டுப்படம் வேணும். ரெண்டாவது நாள் அவர் எண்ணினது காலை 4:40க்கு, 60 வந்திருக்கு. கோட்டுல அதே 4:40ஐத் தொட்டோம். 59. வாட்ச் சரியாத்தான் எண்ணியிருக்கு!

11/ அப்போ 52 எங்கிருந்து வந்துச்சு? அதே கோட்டைப் பின்னாடி தள்ளினோம். ராத்திரி 1:30லேர்ந்து 2 மணி வரைக்கும் கோடு தரையோட தரையா 52 பக்கத்துலயே ஓடுது. மனுஷன் அசந்து தூங்கின நேரம். அந்த நம்பரைத்தான் அன்னைக்கு முழுசுக்கும் "ஓய்வு நேரத் துடிப்பு"ன்னு வாட்ச் எடுத்துக் கொடுத்திருக்கு.

12/ ஆக ரெண்டு நம்பரும் சரி. அவர் எண்ணினது முழிச்ச பிறகு இருந்த துடிப்பு, வாட்ச் கொடுத்தது ஆழ்ந்த தூக்கத்துல இருந்த துடிப்பு. ஆழ்ந்த தூக்கத்துல வேகஸ் நரம்போட கை ஓங்கியிருக்கும், அது இதயத்துக்குப் பிரேக் மாதிரி. விடியற நேரத்துல உடம்பு முழிக்கத் தயாராகும்போது அந்தப் பிரேக் தளரும், துடிப்பு ஏற ஆரம்பிக்கும். கண்ணைத் திறந்ததும் இன்னும் கொஞ்சம் ஏறும். நீங்க எவ்வளவு சீக்கிரம் எண்ணினாலும் ராத்திரி 2 மணி நம்பரைப் பிடிக்க முடியாது.

13/ "எங்க வீட்டு வாட்ச் என் விரலை விட அதிகமால்ல காட்டுது?"ன்னு சிலர் கேப்பீங்க. அதுவும் நடக்கும். "ஓய்வு"ங்கிற வார்த்தைக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு அர்த்தம் வச்சிருக்கு. கார்மின் சொல்ற விளக்கம், 24 மணி நேரத்துல மிகக் குறைவா இருந்த 30 நிமிஷ சராசரி. ஃபிட்பிட் தூங்கும்போதும் முழிச்சிருக்கும்போதும் உள்ள அளவுகளைச் சேர்த்துக் கணிக்குது. ஆப்பிள், தூக்கத்துல வர்ற மிகக் குறைந்த துடிப்பு வேற, ஓய்வு நேரத் துடிப்பு வேறன்னு பிரிச்சு வைக்குது.

14/ முழிச்சிருக்கும்போது அசையாம இருக்கிற நேரத்தைப் பார்க்கிற வாட்ச்னா, அந்த நேரம் நீங்க டீ குடிச்சுட்டு நாற்காலில உட்கார்ந்து டிவி பார்க்கிற நேரமா இருக்கலாம். காலைல படுத்த வாக்கில எண்ணினதை விட அது அதிகமா வர்றதுல ஆச்சரியமே இல்லை. ராத்திரி வாட்சைக் கழட்டி வைக்கிறவங்களுக்கும் இதே கதைதான். தூக்கத்தையே பார்க்காத வாட்சுக்குத் தூக்கத்து நம்பர் எப்படித் தெரியும்?

15/ இப்போ அந்த 60. "60லேர்ந்து 100 வரை நார்மல்"னு நாங்க சொல்றது முழிச்சிருக்கிற மனுஷனை வச்சு. தூக்கத்துல 50களுக்கும், பலருக்கு 40களுக்கும் இறங்கிறது சகஜம். நம்ம கண்டக்டர் அண்ணன் தூக்கத்து நம்பரை எடுத்து முழிப்புக்குப் போட்ட கோட்டுல வச்சுப் பார்த்தார். முழிச்சிருக்கும்போது அவருக்கு 62. அந்த மாத்திரை சாப்பிடுறவருக்கு நல்ல நம்பர் அது.

16/ சில நேரம் தப்பு விரல் பக்கமும் இருக்கும். பலர் 15 வினாடி எண்ணி நாலால பெருக்குறாங்க. ஒரு துடிப்பு தவறினாலும் கணக்குல நாலு போயிடும். இன்னொண்ணு, வினாடி முள்ளைப் பார்த்து ஆரம்பிக்கிற அந்த முதல் துடிப்பை "ஒண்ணு"ன்னு எண்ணுவாங்க. அது "பூஜ்யம்". 60 வினாடி எண்ணினா இந்தத் தப்பால ஒண்ணுதான் கூடும், 15 வினாடி எண்ணினா நாலு கூடும்.

17/ மூச்சு இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும். இளவயசுக்காரங்களுக்கு இது நல்லாவே தெரியும், நோய் இல்லை. 15 வினாடில மூணு நாலு மூச்சுதான் வரும். எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறீங்கங்கிறதைப் பொறுத்து நம்பர் மாறும். ஒரு நிமிஷம் முழுசா எண்ணச் சொல்றது இதுக்கும் சேர்த்துத்தான்.

18/ அப்போ வாட்ச் தப்பே பண்ணாதா? பண்ணும். அடியில இருக்கிற பச்சை வெளிச்சம் தோலுக்குள்ள போய்த் திரும்புறதை வச்சுத்தான் அது எண்ணுது. ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடும், திரும்புற வெளிச்சம் குறையும். பட்டை தளர்வா இருந்தாலோ, கை சில்லுன்னு இருந்தாலோ, அந்த இடத்துல பச்சை குத்தியிருந்தாலோ கணக்கு தவறலாம். கண்டுபிடிக்க சுலபமான வழி, அதே நிமிஷத்துல விரலால எண்ணிப் பார்க்கிறது. ரெண்டு மூணு துடிப்பு வித்தியாசத்தை விட்டுடுங்க. பட்டையைச் சரியாப் போட்ட பிறகும் அஞ்சுக்கு மேல அடிக்கடி வந்தா, டாக்டர்கிட்ட காட்டுங்க.

19/ ஒரு இடத்துல மட்டும் விரலும் வாட்சும் ஒத்துப்போனாலும் நம்பக் கூடாது. சிலருக்கு நேரம் வர்றதுக்கு முன்னாடியே ஒரு துடிப்பு வரும். அப்போ இதயத்துல ரத்தம் நிரம்பியிருக்காது, அந்த அலை மணிக்கட்டுக்கு வந்து சேராது. ஒண்ணு விட்டு ஒண்ணு இப்படி வந்தா இதயம் 76 துடிக்கும், கையில 38தான் தெரியும். விரலும் 38, வாட்சும் 38. ஈசிஜி எடுத்தாத்தான் விஷயம் தெரியும்.

20/ அதனால எண்ணும்போது தாளத்தையும் கவனிங்க. மூச்சோட சேர்ந்து மெல்ல ஏறி இறங்கினா பரவாயில்லை. நடுவுல நடுவுல விட்டு விட்டு வந்தாலோ, எந்த ஒழுங்கும் இல்லாம ஓடினாலோ ஈசிஜி எடுத்துடுங்க. சும்மா இருக்கும்போதே 100க்கு மேல தொடர்ந்து இருந்தாலும், முழிச்சிருக்கும்போது 50க்குக் கீழ வந்து தலைசுற்றல், களைப்பு இருந்தாலும் வாங்க. மயக்கம் போட்டாலோ, நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ இருந்தாலோ நம்பர் பார்த்துட்டு உட்காராதீங்க, நேரா அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாங்க.

21/ மத்தபடி விரலோட நம்பரை விரலோட போன வார நம்பரோட பாருங்க, வாட்சோட நம்பரை அதே வாட்சோட போன வார நம்பரோட பாருங்க. ஒண்ணை எடுத்து இன்னொண்ணோட ஒப்பிடாதீங்க. வாட்ச் மாத்தினா பழைய கணக்கோட சேர்க்காதீங்க. மாத்திரை அளவைப் பத்தி டாக்டர்கிட்ட பேசும்போது முழிச்சதும் எண்ணின நம்பரையும் சேர்த்துக் கொண்டு வாங்க.

22/ கண்டக்டர் அண்ணன் இப்போ மாத்திரையும் சாப்பிடுறார், வாட்சும் கட்டியிருக்கார். போன தடவை வந்தப்போ கேட்டேன், "என்னண்ணே, வாட்ச் எவ்வளவு சொல்லுது?" "51 சார். அது நான் தூங்கும்போது. இப்போ எவ்வளவுன்னு நீங்களே கைய பிடிச்சுப் பாருங்க"ன்னு நீட்டினார். பிடிச்சுப் பார்த்தேன், 68. பஸ் ஸ்டாண்டிலேர்ந்து நடந்து வந்திருக்கார்.