சர்வே எண்ணில் தொடங்கும் பேச்சு

பல துறைக்காரர்களை ஒரு வேலைக்காக முதன்முறை ஒரே அறையில் உட்கார வைக்கும் கூட்டத்தில், திட்டத்தின் நோக்கம் என்ன, நிதி எவ்வளவு, பயனாளிகள் எத்தனை பேர் என்று ஒருங்கிணைப்பாளர் விளக்குவது வழக்கம். அவை எல்லாம் அரசாணையிலேயே இருக்கின்றன. வந்திருப்பவர்கள் ஏற்கெனவே படித்துவிட்டார்கள். எந்தத் துறையின் வழிகாட்டுதலிலும் தனியாக எழுதப்படாதது ஒன்று உண்டு: ஒருவர் வேலை எங்கே முடிந்து அடுத்தவர் கைக்குப் போகிறது என்பது. முதல் பேச்சு முழுவதும் அதைப் பற்றியே இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆண்டிமடம் பக்கம் நடந்த வேலையை வைத்தே சொல்கிறேன். கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தை 2022 மே மாதம் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஐந்து ஆண்டுகளில் போய்ச் சேர வேண்டும் என்பது அப்போதைய இலக்கு. அதன் நடுநாயகமான பணி தரிசு நிலத் தொகுப்பு. சேர்ந்தாற்போல் 10 முதல் 15 ஏக்கர் தரிசைக் கண்டுபிடித்து, குறைந்தது எட்டு விவசாயிகளைக் குழுவாக்கி, பொதுவாக ஒரு நீர் ஆதாரம் ஏற்படுத்தி, அந்த நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு வருவாய்த்துறை, வேளாண்மை, வேளாண் பொறியியல், தோட்டக்கலை, மின்வாரியம், ஊரக வளர்ச்சி எல்லாம் வேண்டும். இவர்களில் யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை. ஒருங்கிணைப்பாளருக்கு உத்தரவு போடும் அதிகாரமும் இல்லை. கையில் இருப்பது பேச்சு மட்டும்தான்.

ஆகவே நான் திட்டத்தின் பெயரைச் சொல்லித் தொடங்குவதில்லை. புலப்படத்தை மேசையில் விரித்து, சர்வே எண்களை வாசிப்பேன். பன்னிரண்டு ஏக்கர், செம்மண் மேட்டு நிலம், சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, பத்துக் குடும்பங்கள், நடப்போவது முந்திரி ஒட்டுக்கன்று. “இன்றைக்கு நாம் பேசப்போவது இந்தப் பன்னிரண்டு ஏக்கரைப் பற்றி மட்டும்தான். ஐப்பசி முதல் வாரத்தில் இங்கே கன்று நடணும். அங்கேயிருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வருவோம் சார்.” ஐப்பசி மழைக்குள் வேர் பிடிக்காத கன்று அடுத்த கோடையைத் தாண்டுவது கடினம். குழி புரட்டாசியில் தயாராக இருக்க வேண்டும், ஆழ்துளைக் கிணறு ஆவணிக்குள் முடிய வேண்டும், பட்டா விவகாரம் ஆனிக்குள் தீர வேண்டும். எனவே கூட்டத்தைச் சித்திரையிலேயே போட்டுவிட வேண்டும். முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவமும் அதுதான் என்பதால் விவசாயிகளைப் பகலில் வீட்டில் பிடிக்க முடியாது. கிராம நிர்வாக அலுவலர் சாயங்காலம் போகத் தயாரா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுவது நல்லது.

பட்டாவில்தான் முதல் கைமாற்றம். நிலம் அனுபவத்தில் மகன் கையில் இருக்கும், பட்டா காலமான தாத்தா பெயரிலோ கூட்டாகவோ இருக்கும். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். சிறு, குறு விவசாயி என்ற சான்று பட்டாவை ஒட்டியே கிடைக்கும். “பட்டா வேலை முடிந்தது என்று வி.ஏ.ஓ. சார் சொல்ல வேண்டாம். இந்தத் தாளை வைத்து விண்ணப்பம் ஏற்ற முடிகிறது என்று தோட்டக்கலை மேடம் சொல்லட்டும். அன்றைக்குத்தான் அது முடிந்ததாகக் கணக்கு.” என் பேச்சின் சாரம் இந்த வாக்கியம்தான். முடிந்தது என்று சொல்லும் உரிமை கொடுப்பவரிடம் இல்லை, வாங்கிக்கொள்பவரிடம் இருக்கிறது. இதை முதல் நாளே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. நடுவில், ஒருவர் வேலையை இன்னொருவர் திருப்பி அனுப்பும்போது சொன்னால் அது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும்.

இது எவ்வளவு அவசியம் என்பது கிணற்றில் தெரியும். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் மேட்டு நிலம் கடலூர் மணற்கல் படிவம். பாறைப் பகுதி மாதிரி துளை தானாக நிற்காது, ரோட்டரி முறையில் துளைத்து, கேசிங் குழாயும் நீர் வரும் அடுக்குகளில் வடிகுழாயும் இறக்கி, சுற்றிலும் கூழாங்கல் நிரப்பி, கம்ப்ரசர் ஓட்டிக் கழுவ வேண்டும். துளைப்பவர் கணக்கில் குழாய் இறங்கிக் கம்ப்ரசரில் தண்ணீர் பீய்ச்சியதுமே போர் முடிந்தது. சொட்டுநீர் போடுபவருக்கு அது போதாது. வெள்ளை வாளியில் தண்ணீர் பிடித்துத் தெளிய விட்டு, அடியை விரலால் தேய்த்தால் நறநறவென்று மணல் தட்டக் கூடாது. தட்டினால் வடிகட்டி தினமும் அடைக்கும், ஒரு கோடைக்குள் சொட்டுவான்களும் அடைபடும்.

அதைவிட முக்கியம் தண்ணீரின் அளவு. ஏழுக்கு ஏழு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 80 கன்று, பன்னிரண்டு ஏக்கருக்கு 960. கன்றுக்கு மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் இரண்டு என்றால், எல்லாம் ஒரே நேரத்தில் ஓட மணிக்கு 7,680 லிட்டர் வேண்டும். இப்போது கிணற்றடியில் 200 லிட்டர் டிரம்மை வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறோம். நூறு நொடியில் நிறைகிறது, அதாவது மணிக்கு 7,200 லிட்டர். நாலு மணி நேரம் மோட்டார் ஓடிய பிறகு மறுபடி அளந்தாலும் அதே நூறு நொடி. பரவாயில்லை, நல்ல ஊற்று. ஆனால் வயல் முழுவதையும் ஒரே வால்வில் போட்டால் கடைசி வரிசைக் கன்றுகளுக்குச் சொட்டாது. இரண்டு பகுதியாகப் பிரித்து வால்வு வைத்தால் தாராளமாகப் போதும். கிணறு முடியும் முன்பே சொட்டுநீர் வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கியிருந்தால் இந்தத் திருத்தத்துக்கு இடமே இருந்திருக்காது. எனவே தொடக்கக் கூட்டத்தில் பொறியாளரிடம் நான் கேட்பது ஆழம் எத்தனை அடி என்பதை அல்ல. “டிரம் நிறைய எத்தனை நொடி, நாலு மணி கழித்து எத்தனை நொடி, இந்த ரெண்டு எண்ணையும் மேடத்துக்கு எழுதிக் கொடுங்க சார். அது வந்த பிறகு அவங்க வரைபடம் போடட்டும்.”

கிணறு யார் நிலத்தில் அமைகிறதோ அவருடனான ஒப்பந்தமும் இதே வகை. துளை போட்ட பிறகு கேட்டால் மறுநாளே பேச்சு மாறிவிடும். குழு பதிவாகி, கிணறு பொது, பாதை பொது என்று பத்துக் குடும்பமும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் துளையிடும் வண்டி ஊருக்குள் வர வேண்டும். இதை வாங்கிக்கொள்பவர் பொறியாளர். கையெழுத்தான தாளைப் பார்க்காமல் வண்டியை அனுப்பமாட்டேன் என்று அவர் வாயாலேயே கூட்டத்தில் சொல்ல வைப்பேன். மின் இணைப்பா, சூரிய மின்மோட்டாரா என்பதையும் அன்றைக்கே முடிவு செய்ய வேண்டும். மோட்டாரின் திறனும் வகையும் அதைப் பொறுத்தவை.

பேசிக்கொண்டே வெள்ளைத் தாளில் இரண்டு பத்தி எழுதிக்கொண்டு வருவேன்: எந்தப் பொருள் கைமாறுகிறது, வாங்குபவர் யார். கைமாறும் தேதியை, வாங்குபவரும் கொடுப்பவரும் பேசி அவர்களே சொல்ல வேண்டும். தலைமையிடத்திலிருந்து வந்த தேதியை நான் வாசித்தால் எல்லாரும் தலையாட்டுவார்கள், யாருடைய நாட்குறிப்பிலும் அது ஏறாது. பெரிய அதிகாரி வந்திருந்தால் அவரைக் கடைசியில் பேசச் சொல்வேன். முதலில் பேசினால் மற்றவர்கள் அவர் முகம் பார்த்தே தேதி சொல்வார்கள்.

இறுதியாக, தண்ணீர் கிடைக்காவிட்டால் என்ன என்ற கேள்வியை நானே எழுப்பிவிடுவேன். புவி இயற்பியல் ஆய்வின் முடிவு சாதகமாக வராவிட்டால் துளை போடக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர் பொறியாளர், கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள். அப்படி வந்தால் அந்தத் தொகுப்பை விட்டுவிட்டு ஊராட்சியின் இரண்டாவது தரிசுக்குப் போக வேண்டும். அதன் சர்வே எண்களையும் அன்றைக்கே தாளின் அடியில் எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டுத்தான் கூட்டத்தை முடிப்பேன்.