படகைக் கிழிக்கும் தாத்தா

பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அடுக்ககம். அதன் கிளப் ஹவுஸில், ரயில்வே புக்கிங் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் சனிக்கிழமை மாலைகளில் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறார். நண்பர்தான் அழைத்துப் போனார். நான்கிலிருந்து ஏழு வயது வரை பன்னிரண்டு பிள்ளைகள். எல்லோருக்கும் அவர் தாத்தா.

கண்ணாடிக் கதவுக்கு எதிர்ச்சுவரில் அவர் உட்கார்ந்தார். கதவுக்குப் பிள்ளைகளின் முதுகு இருக்கும்படி ஜமுக்காளத்தை விரித்தார். "நீச்சல்குளம் கண்ணுல பட்டா கதை போச்சு சார்" என்றார். படப் புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில், பிள்ளைகளைப் பார்த்தபடி பிடித்து, தான் ஓரக்கண்ணால் வாசித்தார். துலிகாவின் புத்தகங்களும், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் இலவசமாக இறக்கி அச்செடுத்த தமிழ்க் கதைகளும் பையில் இருந்தன.

பிறகு செய்தித்தாளை எடுத்தார். கப்பல் கேப்டன் கதை. ஆளுக்கு ஒரு பக்கம். பாதியாக மடித்து, மேல் மூலைகள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து, கீழ்ப் பட்டைகளை இருபுறமும் ஏற்றினால் கேப்டனின் தொப்பி. தொப்பியின் வாயைத் திறந்து எதிர்த்திசையில் அமுக்கினால் சதுரம். இங்கேதான் பாதிப் பேருக்குத் தடுமாறியது. பட்டையின் ஒரு மூலை மற்றதன் அடியில் போக வேண்டும். இல்லாவிட்டால் படகு வாயைப் பிளந்துகொள்ளும். சதுரத்தின் கீழ்முனைகளை ஏற்றி, மறுபடி திறந்து அமுக்கி, மேல்முனைகளைப் பிடித்து இழுத்தால் படகு வந்துவிட்டது.

புயல் வந்தது. பாறையில் மோதி முன்முனை போனது: கிழித்தார்கள். பின்முனையும் போனது. கடைசியில் நடுவே நிற்கும் உச்சியும். முனைகளில் தாள் பல மடிப்பாகத் தடித்திருப்பதால் சின்ன விரலுக்கு மசியாது. அவரே முதலில் சிறிது கிழித்துவிடுகிறார். உச்சியில் மட்டும் கட்டைவிரல் நுனி அளவுதான். அதிகம் போனால் கழுத்து கிழிந்து தொங்கும். கழுத்தா? ஆம், பிரித்தால் கையும் கழுத்தும் உள்ள சட்டை! கடலில் மிதந்து வந்த கேப்டனின் சட்டை. ஹாலே கூச்சலிட்டது.

இதற்குச் செலவு பழைய பேப்பர். இதே ஹாலில் ஒரு நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு, முன்பே வெட்டிய ஆந்தைத் துண்டுகளை உறையில் போட்டுத் தருகிறதாம். ஒட்டுவது மட்டும் பிள்ளையின் வேலை. எல்லா ஆந்தையும் ஒன்றுபோல. மடிக்கவும் கிழிக்கவும் விடாமல், தவறு செய்யும் வாய்ப்பையும் பிடுங்கிக்கொண்டு, அதற்குப் பெற்றோரிடம் காசும் வாங்குவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. கை பழகுவதற்காகத்தானே அனுப்புகிறார்கள்?

வாசிப்பைக் கடைசியில்தான் வைக்கிறார். "கப்பல் போனது", "முன்முனை உடைந்தது" என்று ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதிய அட்டைகளைக் கலைத்துப் போட்டு, கதை வரிசையில் அடுக்கச் சொன்னார். தமிழ் எழுத்து சரியாகத் தெரியாத ஒரு சிறுமி, "க" என்ற முதல் எழுத்தை வைத்தே முதல் அட்டையைப் பிடித்துவிட்டாள். மற்றதை அவளுக்குக் கதை ஞாபகம் சொல்லிக்கொடுத்தது.