சுவர் விளக்கின் முதுகுப்புறம்

மழை குறைவு என்பதனாலேயே தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றிய நிலம் விருதுநகர் மாவட்டம். ஆண்டின் பெரும்பகுதி வெயில் காய்கிற ஊர்களில், வீட்டின் வெளிச்சுவரில் மாட்டும் விளக்கு மழையைத் தாங்குமா என்ற கேள்வி கடையில் பெரிதாக எழுவதில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பகல் வெக்கை அடங்குமுன் இடியும் காற்றுமாக இறங்குகிறது. அது பெரும்பாலும் சாய்ந்தடிக்கும் மழை. மேலே கூரை இருந்தாலும் பால்கனிச் சுவரை நனைத்துவிடும். விளக்கு எரியத் தொடங்கும் நேரமும் அதுவே என்பதைப் பின்னால் வரும் விளக்கத்துக்காக இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

விளக்குப் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் ஐபி 44, ஐபி 65 போன்ற குறிகள் ஐஎஸ்/ஐஇசி 60529 என்ற தரநிலையிலிருந்து வருபவை. முதல் இலக்கம் தூசி முதலான திடப்பொருள் உள்ளே நுழையாமல் தடுக்கும் அளவையும், இரண்டாம் இலக்கம் நீரைத் தடுக்கும் அளவையும் சொல்கின்றன. நீருக்கான 4 என்பது எந்தத் திசையிலிருந்து தெறிக்கும் நீராலும் தீங்கு வராது என்பதாகும். 5 என்பது 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாய்முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம், மூன்று மீட்டருக்குள்ளான தொலைவில் நின்று, குறைந்தது மூன்று நிமிடம் பீய்ச்சிப் பார்த்த சோதனையைக் குறிக்கும். 7 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் அமிழ்த்திய சோதனை. பெரிய எண் என்பதால் பீய்ச்சும் நீரையும் அது தாங்கிவிடும் என்று கொள்வதற்கில்லை, ஏனெனில் இரண்டும் தனித்தனிச் சோதனைகள். கூரையுள்ள பால்கனிக்கு 44 போதும். காற்று நேராக மோதும் திறந்த சுவருக்கு 65 வாங்குவது தகும். அதற்கு மேல் பணம் செலவிடுவதில் பயன் அதிகமில்லை, ஏனெனில் சுவர் விளக்குகள் பெரும்பாலும் முன்பக்கத்தால் கெடுவதில்லை.

இந்தச் சோதனை, தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி கேபிள் பூட்டப்பட்ட புதிய விளக்கின் மேல் நடப்பது. நான்கு கோடை வெயிலில் இறுகிப்போன ரப்பரைப் பற்றியோ, விளக்குக்குப் பின்னாலிருக்கும் சுவரைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை. இதை விளங்கிக்கொள்ள, நம் ஊர்களில் இப்போது கட்டப்படும் மாடி வீடு ஒன்றின் பால்கனியை எடுத்துக்கொள்ளலாம். சுவருக்குள் புதைத்த பிவிசி பைப் வழியாக மூன்று தனித்தனி ஒயர்கள் வந்து, விளக்கு மாட்டும் இடத்தில் ஓர் ஓட்டையில் எட்டிப் பார்க்கும். விளக்கின் முதுகிலோ, கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் என்ற, ரப்பர் வளையமுள்ள மரைப்பூட்டு இருக்கும். 20 மில்லிமீட்டர் கிளாண்ட் ஒன்று, பொதுவாக 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள ஒற்றை உருண்டைக் கேபிளைக் கவ்வுவதற்கென்று செய்யப்பட்டது. மூன்று மெல்லிய ஒயர்களை அதனுள் செருகி எவ்வளவு முறுக்கினாலும், அவற்றின் நடுவே முக்கோண வடிவில் ஓர் இடைவெளி நின்றுவிடும். பல இடங்களில் கிளாண்ட் கழற்றி வீசப்பட்டு ஒயர் மட்டும் உள்ளே போகிறது. அந்தக் கணத்திலேயே பெட்டியில் அச்சிட்ட 65 காலாவதியாகிவிடுகிறது என்றால் மிகையில்லை.

இடைவெளி சிறியதுதானே என்று தோன்றலாம். அச்சிறு இடைவெளியில் நீரை இழுத்துச் செல்வது விளக்கின் சூடுதான். மாலை ஆறு மணிக்குப் போட்ட விளக்கின் உள்ளிருக்கும் காற்று ஒரு மணி நேரத்தில் 55 பாகை செல்சியஸ் வரை சூடேறி விரிந்து, கொஞ்சம் வெளியேறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு மணிக்கு மழை மோதி, உலோக உடல் 27 பாகைக்குக் குளிர்ந்தால் உள்காற்று சுருங்கி, அதன் அழுத்தம் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு குறையும். வேறு வழியில் காற்று புகாவிட்டால், ஏறக்குறைய 85 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீரை உறிஞ்சி ஏற்ற இந்த வேறுபாடு போதும். எங்கே நீர் தேங்கி நிற்கிறதோ அங்கிருந்து அது உள்ளே வரும். ஈரம் படிந்த கிளாண்டும், பைப்பின் வாயும் அத்தகைய இடங்கள். தரமான சில விளக்குகளில், காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு அடைப்பான் ஒன்று வைக்கப்பட்டிருப்பது இந்த மூச்சுக்காகத்தான். அதைக் கண்ட ஓட்டையென்று எண்ணிப் பூசி அடைத்துவிடுவோரும் உண்டு.

இன்னொரு வழி மேலிருந்து வருவது. மொட்டை மாடியில் மூடியில்லாமல் நிற்கும் பைப்பிலோ, கசியும் ஜங்ஷன் பாக்ஸிலோ புகுந்த நீர் சுவருக்குள்ளேயே இறங்கி, தாழ்ந்திருக்கும் வாயான விளக்கின் முதுகில் வடியும். அப்போது விளக்கைச் சுற்றி எத்தனை சிலிக்கான் பூசினாலும் தண்ணீர் நிற்காது. பூச்சு அதை வெளியேறவிடாமல் உள்ளேயே தேக்கிவைக்கும். ஆகவே முதலில் மேல்முனையை மூட வேண்டும். பிறகு சுவர் வாயருகே ஒரு சிறு பாக்ஸ் வைத்து, அங்கிருந்து விளக்குவரை உறையுள்ள மூன்று-கோர் உருண்டைக் கேபிளைக் கொண்டுவந்து கிளாண்டில் இறுக்கி, பைப்பின் வாயை ஒயரைச் சுற்றி அடைக்க வேண்டும். கேபிள் வெளியே தெரிய ஓடினால் விளக்குக்கு அடிப்பக்கமாக நுழைய வேண்டும். நுழையுமுன் அது ஒரு கை அளவு தொங்கி வளைந்து மேலேறினால், அதன் வழியே ஓடிவரும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும்.

சுவரும் விளக்கும் சேரும் விளிம்பில் மேற்பக்கமும் இருபுறமும் மட்டுமே சிலிக்கான் பூசி, அடிப்பக்கத்தைத் திறந்துவிடுவது முறை. எப்படியாவது புகுந்த நீர் வெளியேற ஒரு வழி வேண்டும். பூசுமுன் சுண்ணாம்பையோ பொடிந்த பெயிண்டையோ சிமெண்ட் தெரியும்வரை சுரண்ட வேண்டும், இல்லையெனில் சிலிக்கான் சுவரைப் பற்றாமல் சுண்ணாம்புத் தூளைப் பற்றி, அடுத்த கோடையில் நாடாபோல உரிந்து வரும். காடி வாடை அடிக்கும் மலிவான வகை, காயும்போது அமிலம் விடுவதால் செம்பை அரிக்கும், சிமெண்ட்டிலும் சரியாக ஒட்டாது. வாடையற்ற நியூட்ரல் வகையே இங்கே உரியது.

கோளாறைக் கண்டுகொள்ளவும் வழி உண்டு. கண்ணாடியின் உட்புறம் மெல்லிய மூட்டம் படிந்து, விளக்கு எரிந்த சிறிது நேரத்தில் மறைந்தால் அது மூச்சின் ஈரம், பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அடியில் நீர்க்கோடு தெரிந்தாலோ, ஒயர் முனையில் பச்சை பூத்தாலோ நீர் உண்மையில் நுழைகிறது. மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, மழை நாளில் மட்டும் விழுந்து, வெயிலடித்ததும் நின்றால் சந்தேகம் முதலில் வெளி விளக்கின் மேல் திரும்பட்டும். அதை விழாமல் இருக்கும்படி மாற்றிக் கட்டுவது ஆபத்தான வேலை.

சிவகாசி வட்டாரத்துக்கு மட்டும் ஒரு செய்தி தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐபி 65-இன் முதல் இலக்கமான 6, தூசி அறவே புகாது என்பதைக் காட்டுவதால், பட்டாசு மருந்து உள்ள இடத்திலும் அவ்விளக்கு பாதுகாப்பானது என்ற எண்ணம் எழக்கூடும். அந்தச் சோதனை டால்கம் தூளைக் கொண்டு செய்யப்படுவது. தீப்பற்றுதலைப் பற்றி அது எதையும் அளப்பதில்லை. வெடிக்கும் தூசியுள்ள இடங்களுக்கான 60079 தரநிலைகள்கூட, காற்றிலுள்ள ஆக்சிஜன் இல்லாமலே எரியக்கூடிய வெடிமருந்துத் தூசியைத் தம் வரம்புக்குள் சேர்ப்பதில்லை. பட்டாசு மருந்தோ ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருப்பது. எனவே அங்கே விளக்கைத் தீர்மானிப்பது பெட்டி மேலுள்ள எண் அல்ல, வெடிபொருள் துறையின் உரிம நிபந்தனைகள்.

தீபாவளிக்கு எழும் தற்காலிகப் பட்டாசுக் கடைகளுக்கு 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் மின்விளக்கை அனுமதிக்கின்றன. ஆனால் விளக்கு சுவரிலோ கூரையிலோ பொருத்தப்பட்டிருக்க வேண்டும், நெகிழும் ஒயரில் தொங்கக் கூடாது, ஒவ்வொரு கடை வரிசைக்கும் ஒரு முதன்மை ஸ்விட்ச் வேண்டும் என்கின்றன. தகரச் சுவரில் விளக்கைப் பொருத்தும்போது, துளையின் கூர்விளிம்பு காற்றில் அதிரும் ஒவ்வொரு முறையும் கேபிளின் உறையை அறுக்கும் என்பதால், துளைக்கு ரப்பர் வளையம் இட்டு, கேபிளை அடியிலிருந்து ஏற்ற வேண்டும். ஐப்பசி மழையில் அந்த உறை அறுந்தால், கடையின் தகரம் முழுவதிலும் மின்சாரம் பாயக்கூடும்.