தொலைபேசி எடுத்தவர் யார்?

மெல்பேர்ண் நகரின் தென்கிழக்கே ஏறத்தாழ 23 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஸ்பிரிங்வேல், அகதிகளுக்குப் பழக்கப்பட்ட ஊர். வியட்நாமியரும் கம்போடியரும் வந்திறங்கிய காலந்தொட்டு இங்கே மக்களுக்கு உதவும் சிறு நிறுவனங்கள் பல இயங்கி வருகின்றன. அவற்றுள் ஒன்றில் நாமிருவர் கண்காணிப்புப் பயிலுநர்களாகச் சில மாதங்கள் பணியாற்றினோம். ஒரு சிறு திட்டம் பயன் தந்ததா என்பதை எவற்றைக் கொண்டு அறிவது, அதற்கு எவ்வளவு எழுதி வைத்தால் போதும் என்பதே எமக்கு இடப்பட்ட வேலை. எம்மவர் நடத்தும் சங்கங்களும் வகுப்புகளும் இதே கேள்வியை ஆண்டுதோறும் எதிர்கொள்வதால், நாம் கண்டதை இங்கே எழுத விழைகின்றோம்.

திட்டம் மிகச் சிறியது. தமிழ்ப் பெண்கள் 16 பேருக்கு, கிழமைக்கு ஒரு நாள், இரண்டு மணித்தியாலம், பத்துக் கிழமைகள் நடந்த ஆங்கில வகுப்பு. வைத்தியநிலையத்துக்குத் தாமே தொலைபேசி எடுத்து நேரம் குறித்துக்கொள்ளப் பழக்குவதே அதன் வேலை. நிதி கோரும் விண்ணப்பத்திலோ, “சுகாதார சேவைகளைப் பெறுவதில் பங்குபற்றுநரின் தன்னம்பிக்கையை உயர்த்துதல்” என்று நோக்கம் எழுதப்பட்டிருந்தது. நிதியுதவி மறு ஆண்டும் தொடர வேண்டுமாயின், அந்தத் தன்னம்பிக்கை உயர்ந்ததென நாம் காட்ட வேண்டும்.

வழக்கமாகக் காட்டப்படுபவை மூன்று: எத்தனை வகுப்புகள் நடந்தன, எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் திருப்தி தெரிவித்தனர். முதலிரண்டும் நாம் செய்த வேலையின் கணக்கு. வகுப்பு நடந்ததென்று அவை சொல்லும். எவரேனும் எதையேனும் கற்றார் என்று சொல்லமாட்டா. மூன்றாவது இன்னும் நொய்ந்தது. இறுதி நாளன்று சிரித்த முகம், வாடிய முகம் அச்சிட்ட தாளைக் கொடுத்தால், எம் தாய்மார் அனைவரும் சிரித்த முகத்திலேயே அடையாளமிடுவர். தேநீர் ஊற்றித் தந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த பிள்ளையின் மனத்தை நோகச் செய்வது எம்மவர் பண்பன்று. மேலும், வகுப்புப் பிடிக்காதவர் முன்பே நின்றுவிட்டிருப்பார். அவருடைய முகம் அத்தாளில் வராது.

ஆகவே, தன்னம்பிக்கை என்ற சொல்லைக் கண்ணால் காணத்தக்க ஒரு செயலாக மாற்ற வேண்டியிருந்தது. அதனை அப்பெண்களிடமே கேட்டோம். “தனியாகச் சமாளிக்கிறோம் என்று எதைக் கண்டு சொல்வீர்கள்?” என்றதும், ஓர் அம்மா உடனே விடை சொன்னார்: “பிள்ளை, எனக்கு டொக்டரிட்டைப் போறதெண்டால் மகன் வேலைக்கு லீவு போடவேணும். அவன் லீவு போடாமல் நான் போனால் அதுதான்.” விண்ணப்பத்தில் இருந்த நீண்ட வாக்கியத்தைவிட அந்த விடை எமக்கு உதவிற்று.

பெண்கள் சொன்னவற்றையும் நாம் எண்ணியவற்றையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் உரசிப் பார்த்தோம். பார்ப்பவரின் அபிப்பிராயத்துக்கு இடமின்றி அறிய முடியுமா? பத்துக் கிழமைகளில் மாறக்கூடியதா? கூடினால் நன்மை, குறைந்தால் தீமை என்று உறுதியாகச் சொல்லலாமா? ‘ஆங்கில அறிவு’ இரண்டாவது கேள்வியில் வீழ்ந்தது. இருபது மணித்தியாலத்தில் ஒரு மொழியறிவு அளக்குமளவுக்கு உயராது. ‘வைத்தியரைக் கண்ட தடவைகள்’ மூன்றாவதில் வீழ்ந்தது. சுகமாயிருப்பவர் வைத்தியரிடம் போகத் தேவையில்லை. இவ்வாறு கழித்தபின் இரண்டே குறிகாட்டிகள் எஞ்சின.

முதலாவது, வாழ்க்கையில் நடந்தது. “கடந்த நான்கு கிழமைகளில் வைத்தியநிலையத்தில் நேரம் குறிக்க வேண்டி வந்ததா? வந்திருந்தால், கடைசி முறை தொலைபேசி எடுத்தவர் யார்?” என்று கேட்பது. விடைகள் நான்கு: தானே ஆங்கிலத்தில், தானே, 131 450 என்ற இலக்கத்திலுள்ள தேசிய உரைபெயர்ப்புச் சேவையூடாக, வேறொருவர், தேவை ஏற்படவில்லை. “உங்களால் தனியாக அழைக்க முடியுமா?” என்று கேட்டால் எல்லோரும் “ஓம்” என்பர். “கடைசி முறை எடுத்தவர் யார்?” என்றால், நடந்த ஒன்றை நினைத்துப் பார்த்தே விடை சொல்ல வேண்டும். இதனை ஆசிரியை கேட்கவில்லை. அவருக்காக விடை இனிமையாகிவிடக் கூடாதென்று நாமே கேட்டோம்.

இரண்டாவது, வகுப்பில் செய்து காட்டுவது. அடுத்த அறையிலிருந்து ஒருவர் வைத்தியநிலைய வரவேற்பாளராகப் பேசுவார். பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லல், பிறந்த திகதி சொல்லல், தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்டல், நாளும் நேரமும் கேட்டல், குறித்த நேரத்தைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தல் என ஐந்து படிகள். செய்த படிக்கு ஒரு சரி அடையாளம். முதற்கிழமை, ஐந்தாம் கிழமை, இறுதிக் கிழமை ஆகிய மூன்று முறையும் இது நடந்தது. ஒருவருக்கு மூன்று நிமிடமே சென்றது.

பதிவேடு ஒற்றைத் தாள். ஒருவருக்கு ஒரு வரி. தொடர் எண், மூன்று முறைப் படிகள், தொடக்கத்திலும் முடிவிலும் தொலைபேசி எடுத்தவர் யார், ‘வேறொருவர்’ என்றால் காரணம், இடையில் நின்றிருந்தால் காரணம் என்பவையே அதன் நிரல்கள். அத்தாளில் பெயர் இல்லை. எண்ணுக்குரிய பெயர்ப்பட்டியல் தனித் தாளில், இணைப்பாளரின் பூட்டிய இழுப்பறையில் இருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. பெயர்ப் பதிவு என்றதும் எம்மவர் நெஞ்சு படபடப்பதற்கு ஊரில் நடந்த பதிவுகளே போதும். இந்நாட்டிலும், 2014 பெப்ரவரியில், குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வெளியான ஓர் அறிக்கையினூடாக, புகலிடம் கோரியோர் ஏறத்தாழ 9,250 பேரின் விபரங்கள் தவறுதலாக வெளியாகின. எண்ணிக்கை காட்டுவதற்காக வெளியிடப்பட்ட அந்த அறிக்கையினுள், அந்த எண்ணிக்கைக்கு அடிப்படையான பெயர்களும் அகப்பட்டுக் கிடந்தன. வகுப்புக்கு வந்த பெண்களுள் அதனை அறியாதவர் எவருமில்லை. எனவே ஒரு விதியை வைத்தோம்: ஒரு நிரல் அறிக்கையின் எந்த வாக்கியத்துக்குப் பயன்படும் என்று சொல்ல முடியாவிட்டால், அந்த நிரல் தாளில் இருக்கலாகாது. பழைய படிவத்திலிருந்த ‘விசா வகை’ என்ற நிரல் இவ்விதியின்படி நீங்கிற்று. நின்ற பின்னரே இருவர் தம் பெயரைச் சரியாக எழுத்துக்கூட்டித் தந்தனர்.

இனிக் கணக்குக்கு வருவோம். தொடக்கத்தில் 16 பேரைக் கேட்டோம். நான்கு பேருக்குத் தேவை ஏற்படவில்லை. தேவை ஏற்பட்ட 12 பேரில் தாமே அழைத்தவர் 2 பேர். வகுப்பிலிருந்து மூவர் இடையில் நின்றனர்: ஒருவருக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, ஒருவர் சிட்னிக்குக் குடிபெயர்ந்தார், மற்றவருக்கு வீட்டில் நோயாளி. நின்றவரை விட்டுவிட்டால் கணக்கு அழகாகிவிடும், ஆதலால் அவர்களையும் தேடி அழைத்தோம், இருவர் கிடைத்தனர். முடிவில் விடை தந்த 15 பேரில் 11 பேருக்குத் தேவை ஏற்பட்டது. 7 பேர் தாமே அழைத்திருந்தனர்.

பன்னிருவரில் இருவர், பதினொருவரில் எழுவர் என்று இத்துடன் நிறுத்தலாம். ஆயினும் இரு கூட்டமும் ஒரே ஆட்கள் அல்லர். இரு காலத்திலும் தேவை ஏற்பட்டவர்களை மட்டும் பிரித்தால் 9 பேர். அவர்களுள் தொடக்கத்தில் தாமே அழைத்தவர் ஒருவர். முடிவில் 6 பேர். அறிக்கையில் நாம் முதலில் எழுதியது இதனையே. நூற்றுவீதம் போடவில்லை. ஒன்பது பேரில் ஒருவர் மாறினால் நூற்றுக்குப் பதினொன்று மாறிவிடும். அத்தகைய கணக்கில் நூற்றுவீதம் இல்லாத உறுதியை இருப்பதாகக் காட்டும். வகுப்பு மட்டுமே இம்மாற்றத்தைச் செய்ததென்றும் எழுதவில்லை. “யாரிடம் பழகினீர்கள்?” என்று அறுவரையும் கேட்டதில், நால்வர் வகுப்பையும் இருவர் வகுப்போடு தம் பிள்ளைகளையும் குறிப்பிட்டனர், அதனை அப்படியே எழுதினோம்.

இரண்டு குறிகாட்டிகளையும் அருகருகே வைத்தபோதுதான் ஆசிரியைக்குப் பயன்படும் செய்தி கிடைத்தது. முடிவிலும் பிறரையே அழைக்கச் செய்த நால்வரில், மூவர் வகுப்பில் ஐந்து படிகளையும் சரியாகச் செய்தவர்கள்! அறிந்திருந்தும் ஏன் அழைக்கவில்லை? காரண நிரலில் மூவருக்கும் ஒரே விடை இருந்தது: அழைத்ததும் மனிதர் பேசுவதில்லை, இயந்திரக் குரல் விரைவாகப் பேசி, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறது, பயந்து வைத்துவிடுகின்றனர். வகுப்பில் எப்போதும் மனிதரே பேசினார். அடுத்த தவணையில் பதிவுசெய்த இயந்திரக் குரலைக் கேட்டு இலக்கம் அழுத்தும் பயிற்சி ஆறாவது படியாகச் சேர்க்கப்பட்டது. வரவு இடாப்பும் சிரித்த முகங்களும் இதனை ஒருபோதும் சொல்லியிரா.

எண்களால் சொல்ல இயலாததும் ஒன்று உண்டு. 1990களில் வங்கதேசத்தில் ரிக் டேவிஸ் என்பவர் ஒரு முறையைத் தொடக்கினார். பின்னர் அவரும் ஜெஸ் டார்ட்டும் சேர்ந்து 2005ல் அதற்கு வழிகாட்டி நூல் எழுதினர். மக்களிடம் ‘உங்களுக்கு நேர்ந்த மிக முக்கியமான மாற்றம் எது, அது ஏன் முக்கியம்?’ என்று கேட்டு, கதைகளைத் திரட்டி, ஒன்றைக் காரணத்தோடு தேர்வது அம்முறை. நாமும் அறுவரையும் அவ்வாறு கேட்டோம். பெண்களே கூடித் தேர்ந்த கதை, அறுபது வயது கடந்த ஒருவருடையது. அவருக்குச் சொல்லக் கூசும் ஒரு பெண்நோய் நெடுநாளாக இருந்தது. மகன் அழைத்து, மகன் கூடச் சென்று, மகனே மொழிபெயர்த்தமையால், வைத்தியரிடம் ஒவ்வொரு முறையும் முழங்கால் வலியையே சொல்லி வந்தார். எட்டாம் கிழமையில் தாமே அழைத்து, பெண் வைத்தியரும் பெண் உரைபெயர்ப்பாளரும் வேண்டுமெனக் கேட்டுச் சென்றுவந்தார். பெயரின்றி எழுத அவர் இசைந்தார்.

ஒற்றைத் தாளில் அவர் ஓர் எண்ணும் சில சரி அடையாளங்களுமே. அந்த நிரலில் ‘வேறொருவர்’ என்பது ‘தானே’ என மாறியதன் பொருள் என்னவென்று நிதி தருவோர் அறிய, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இந்தக் கதையையும் வைத்து அறிக்கையை அனுப்பினோம்.