ஒரு விளக்கு, நான்கு உருவம்

வீட்டிலிருந்தே கேட்டரிங் நடத்தும் கிள்ளான் அக்கா ஒருவருக்கு அண்மையில் லோகோ வடிவமைத்துக் கொடுத்தேன். பழுப்பு நிற விளக்கு, சிவப்பும் மஞ்சளும் குழைந்த சுடர், கீழே 'சமையல்' என்ற சொல். கூடவே மேலும் நான்கு கோப்புகளை அனுப்பியதும், "ஒரு லோகோவுக்கு எதற்குத் தம்பி நாலு?" என்று கேட்டார்.

முதலாவது, ஒரே நிறத்தில் அச்சிட. வண்ணப் படத்தைச் சாம்பல் நிறமாக மாற்றினாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் பழுப்பும் சிவப்பும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். விளக்கு எது, சுடர் எது என்று தெரியாது. அதனால் விளக்கை முழுக் கறுப்பாக்கினேன். சுடரைக் கோட்டால் மட்டும் வரைந்து உள்ளே வெள்ளையாக விட்டேன். எரிவது போலவே இருந்தது.

அடுத்தது, கறுப்பு டி-சட்டைக்கு. இங்கேதான் கவனம் வேண்டும். கறுப்பு வெள்ளையை அப்படியே தலைகீழாக்கினால் விளக்கு வெள்ளையாகும், சுடரின் உட்புறம் கறுப்பாகும், விளக்கு அணைந்துவிடும்! ஆகவே சுடரை வெள்ளையால் நிரப்பி, விளக்கை வெள்ளைக் கோட்டுருவமாக மாற்றினேன். டபிள்யூடபிள்யூஎஃப் அமைப்பின் பாண்டாவையும் இப்படித் தலைகீழாக்கிப் பார்த்தால் புரியும். கண்ணைச் சுற்றிய கறுப்புத் திட்டு வெள்ளையாகி, அது பாண்டாவாகவே இருக்காது.

கடைசி இரண்டும் அளவைப் பொறுத்தவை. அக்காவின் ரப்பர் முத்திரை 38 மில்லிமீட்டர் அகலம், 14 மில்லிமீட்டர் உயரம். அதில் லோகோவுக்குக் கிடைத்த உயரம் 12 மில்லிமீட்டர். நான் வரைந்தது 60 மில்லிமீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் இருந்த கோடு, ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கி 0.2 ஆகிவிடும். ரப்பரில் அவ்வளவு மெல்லிய கோடு நிற்காது. அதனால் கோட்டை 2 மில்லிமீட்டராகத் தடிப்பாக்கினேன். சுருங்கிய பிறகு 0.4. மை பரவும் என்பதால் இடைவெளிகளை 0.5 வரும்படி அகலமாக்கினேன்.

எழுத்துதான் பெரிய தொல்லை. புள்ளி மறைந்தால் 'சமையல்' என்பது 'சமையல' ஆகிவிடும். புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி, எழுத்திலிருந்து கொஞ்சம் மேலே தூக்கி வைத்தேன். மையில் அடைபடாமலிருக்க 'ச'வின் உட்புறத்தையும், 'மை'யின் சுழியையும் திறந்துவிட்டேன்.

கணினி உலாவியின் மேல்பட்டையில் வரும் சின்னம் 16 பிக்சல் சதுரம்தான். அதில் எழுத்துக்கு இடமே இல்லை. சுடரை மட்டும் வைத்தேன்.

முத்திரை செய்து வாங்குவோர் கடையிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வழக்கமாகப் பயன்படுத்தும் பில் தாளில் பத்து முறை தொடர்ந்து குத்துங்கள். முதல் பதிவு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். பத்தாவதில் புள்ளி தெரிகிறதா, சுழி அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அழுத்திக் குத்திப் பயனில்லை. கோப்பைத்தான் திருத்தி வரையவேண்டும்.