16 பிக்சலில் ஒரு செக்கு

கோவை காந்திபுரத்தில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது அந்த டிசைன் அறை. இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், சுவரெல்லாம் ஒட்டிய காகிதத் துண்டுகள். துண்டுகளில் இருந்தவை எல்லாமே லோகோக்கள். சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரியது ஒன்றுகூட இல்லை. "பெருசா எது போட்டாலும் அழகாத்தான் இருக்கும். அதனால பெருசா ஒட்டறதே இல்லைங்க" என்றார் டிசைனர். முப்பது வயதைத் தாண்டிய பெண். அன்று அவர் கையில் இருந்தது காங்கேயம் பக்கத்து மரச்செக்கு எண்ணெய்க் கடை ஒன்றின் வேலை.

கடைக்காரர் ஒரு பட்டியலோடு வந்திருந்தார். காளை வேண்டும், செக்கு வேண்டும், எள்ளுப்பூ வேண்டும், எண்ணெய்த் துளி வேண்டும், கடைப் பெயர் வளைவாக வரவேண்டும். டிசைனர் எதையும் மறுக்கவில்லை. கேட்டதை எல்லாம் சேர்த்து வரைந்த ஒரு படத்தைத் திறந்தார். திரை நிறைய அது நன்றாகவே இருந்தது. பிறகு அதை 16 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கினார். இணைய உலாவியின் தாவலில் ஒரு தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் சின்னப் படத்தின் அளவு அது. மொத்தம் 256 கட்டங்கள். காளையும் பூவும் துளியும் ஒரு பழுப்புக் கறையாகிவிட்டன.

"காளையை மட்டும் வச்சுப் பாக்கலாமுங்ணா" என்று கட்டங்களில் எண்ணிக் காட்டினார். நான்கு கால்களுக்கு நான்கு கட்டம், நடுவில் மூன்று இடைவெளிக்கு மூன்று கட்டம். ஆக, கால்களுக்கே ஏழு. மீதியில் கொம்பு, திமில், வால். வரைந்து பார்த்தால் வந்தது மாடல்ல, ஒரு மேசை.

கடைக்காரர் விடவில்லை. "ஏனுங்க அம்மிணி, மாடு இல்லாம செக்கா?"

"உங்க செக்கே மோட்டார்லதானுங்ணா ஓடுது."

அவரும் சிரித்துவிட்டார். ஆனால் ஒப்புக்கொண்டதாகச் சொல்லவில்லை.

மிஞ்சியது செக்குதான். அதையும் உறுப்புறுப்பாகக் கழித்தபோது இரண்டு வடிவங்கள் நின்றன. மேலே அகன்று கீழே குறுகும் உரல், அதற்கு மேல் சற்றே சாய்ந்த உலக்கை. இரண்டுமே தட்டையான நிரப்பு. நிழலோ பளபளப்போ கோட்டு விளிம்போ கிடையாது. இவ்வளவுதானா என்று எனக்கும் தோன்றியது. இந்த வேலையின் கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பதை அடுத்த ஒரு மணி நேரத்தில் பார்த்தேன்.

லோகோவைச் சுருக்கும்போது முதலில் சாவது வடிவம் அல்ல, இரண்டு வடிவங்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம். டிசைனர் 160 அலகுச் சதுரத்தில் வரைகிறார். அதை 16 பிக்சலாக்கினால் பத்து அலகு ஒரு பிக்சல். உரலுக்கும் உலக்கைக்கும் நடுவே அவர் முதலில் விட்டிருந்தது ஆறு அலகு. சிறிய அளவில் அது முக்கால் பிக்சல்கூட இல்லை. திரையால் பாதிக் கட்டத்தை ஒளிரச் செய்யவும் மீதியை அணைக்கவும் முடியாது. முழுக் கட்டத்துக்கும் சராசரியாக ஒரு மங்கல் நிறம்தான் தரும். அந்த ஆறு அலகு இரண்டு வரிசைக் கட்டங்களுக்கு நடுவில் விழுந்திருந்ததால், வெளிச்சம் மூன்று மூன்று பங்காகப் பிரிந்து இரண்டு வரிசையுமே கலங்கின. உலக்கை உரலோடு ஒட்டிக்கொண்டு, கைப்பிடி வைத்த வாளி மாதிரி ஆனது.

அவர் இடைவெளியைச் சரியாகப் பத்து அலகாக்கி, அதன் மேல்விளிம்பு பத்தின் மடங்கில் நிற்கும்படி நகர்த்தினார். இப்போது ஒரு முழு வரிசை சுத்தமாகத் திறந்தது. மேலும் கீழும் ஒவ்வொரு வரிசை ஓரத்துக்கு, உலக்கைக்கு ஆறு, இடைவெளிக்கு ஒன்று, உரலுக்கு ஏழு. பதினாறு தீர்ந்தது. உலக்கையின் சாய்வையும் அதே கணக்கில் கட்டினார்: இரண்டு கட்டம் ஏறினால் ஒரு கட்டம் வலப்பக்கம். கண்ணுக்கு அழகாகத் தோன்றும் ஏதோ ஒரு கோணத்தை வைத்தால் படிகள் ஒழுங்கில்லாமல் ஓர் இடத்தில் நீளும், ஓர் இடத்தில் குறுகும். சாய்வு என்று தெரியாமல் சிதைவு என்றே தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே ஸ்டேட் வங்கியின் பலகை தெரிந்தது. நீல வட்டம், நடுவில் சிறு வட்டம், அதிலிருந்து கீழே இறங்கும் ஒரு கீறல். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் 1971-இல் செய்தது. அப்போது கைப்பேசி ஏது? ஆனாலும் இன்றைக்குச் செயலிச் சின்னமாகச் சுருங்கினாலும் அந்தக் கீறல் மூடுவதில்லை. அங்கே வெற்றிடமே படம் என்பதால் அதற்கு வேண்டிய அகலத்தை முதலிலேயே கொடுத்திருக்கிறார்.

நிறத்துக்கு வந்தார்கள். கடைக்காரருக்கு எண்ணெய் மஞ்சள் கட்டாயம் வேண்டும். உரல் பழுப்பு, உலக்கை மஞ்சள் என்று வைத்ததும் வெள்ளைத் திரையில் உலக்கை காணாமல் போனது. மஞ்சளும் வெள்ளையும் ஒளிர்வில் மிக அருகில் இருப்பவை. பெரிய பரப்பில் நிறவேறுபாடு காப்பாற்றும், நான்கு கட்டத்தில் காப்பாற்றாது. டிசைனர் படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்கிக் காட்டியபோது இது எவருக்கும் விளங்கியது. எனக்குத் தோன்றுகிறது, நிறம் தேர்ந்தெடுக்க உட்காருபவர்கள் இதை முதலிலேயே செய்துவிட்டால் பாதி வாக்குவாதம் நடக்காது. முடிவில் மஞ்சள் பின்னணிச் சதுரமானது, உரலும் உலக்கையும் அடர்பழுப்பாயின.

மறுநாள் அட்டைப்பெட்டி அச்சிடும் இடத்துக்கு நானும் போனேன். அங்கே ஃப்ளெக்ஸோ அச்சு. ரப்பர் போல வளையும் பிளேட்டில் மை ஏறி அட்டையில் அழுந்தும். அழுந்தும்போது மை ஓரங்களில் பிதுங்கும். ஆகவே அச்சில் கறுப்பு பெருகும், வெற்றிடம் சுருங்கும். திரையில் நேர்மாறு: இருட்டுப் பின்னணியில் வெள்ளை வடிவம் கண்ணுக்குச் சற்றுத் தடித்துத் தெரியும். அதனால்தான் ஒரே கோப்பை எல்லா இடத்துக்கும் அனுப்பாமல், வெளிர்வடிவத்துக்குத் தனியாகவும் பாட்டில் மூடிக்குத் தனியாகவும் டிசைனர் வரைகிறார். மூடியில் லோகோ 16 மில்லிமீட்டர். இடைவெளி ஒரே ஒரு மில்லிமீட்டர். பழைய ஆறு அலகாக இருந்திருந்தால் அது மையிலேயே அடைத்துப் போயிருக்கும்.

பிளேட் போடுபவர் மாதிரி அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்: "அட்டையே பழுப்பு. இதுல மஞ்சள் அடிச்சா சேறு மாதிரி இருக்குமுங்க. அப்புறம் நிறத்துக்கு ஒரு பிளேட்டு காசு." கடைக்காரர் டிசைனரைப் பார்த்தார். மஞ்சளை எடுத்துவிட்டாலும் வடிவம் நிற்கும்படிதான் வரைந்திருக்கிறது என்று அவர் சொன்னதும், பெட்டிக்கு ஒரே நிறம் என்று முடிவானது.

காளைக்கும் ஓர் இடம் கிடைத்தது. லோகோவில் அல்ல, பாட்டிலின் லேபிளில், உள்ளங்கை அகலத்துக்கு ஓவியமாக. அங்கே நான்கு காலுக்கும் திமிலுக்கும் இடமிருக்கிறது. கடைக்காரர் தன் வாட்ஸ்அப் படத்தை மாற்றி, இன்னொருவர் போனில் பெயர்களுக்கு நடுவே தேடிப் பார்த்தார். வட்டமாக வெட்டியும் உரலின் ஓரமும் உலக்கையின் நுனியும் தப்பியிருந்தன. "செரி, இது கண்ணுக்குப் படுதுங்க" என்றவர், லேபிளில் காளைக்குக் கொம்பை இன்னும் கொஞ்சம் நீட்டமாகப் போடச் சொல்லிவிட்டுப் பெட்டியின் விலையைப் பேச உட்கார்ந்தார்.